துபாயில் இருப்பவர், மேலூரில் நடக்கும் வழக்கு: குற்றஞ்சாட்டப்பட்டவர் இல்லாமலே நடக்கும் விசாரணை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

மேலூர், கொட்டாம்பட்டி, உசிலம்பட்டி வட்டாரங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போனவர்கள் மீது ஊரில் வழக்குப் பதிவாவது புதிதல்ல. அண்மையில் மாறியிருப்பது அந்த வழக்கின் போக்கு. முன்பெல்லாம் குற்றஞ்சாட்டப்பட்டவர் வரவில்லை என்றால், அவர் பங்கை மட்டும் தனியாகப் பிரித்து வைத்துவிட்டு மற்றவர்கள் மீது விசாரணையை நடத்துவார்கள். பிரித்த வழக்கு ஆண்டுக்கணக்கில் வாய்தாவிலேயே கிடக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு, சில வகை வழக்குகளில் அந்த நிலையை முடித்துவிட்டது. இப்போது அவர் இல்லாமலே சாட்சிகளை விசாரித்து, தீர்ப்பும் சொல்லித் தண்டனையும் விதிக்க முடியும்.

இந்தப் பிரிவு எப்படி இயங்கும் என்பதைக் காட்ட ஒரு மாதிரி வழக்கை எடுத்துக்கொள்கிறேன். இது எந்த ஒரு நீதிமன்றக் கோப்பின் பதிவும் அல்ல. ஊர்ப்பக்கம் வழக்கமாக எழும் தகராறு ஒன்றை வைத்து, சட்டத்தின் படிகளுக்கேற்ப நான் அமைத்துக்கொண்டது.

நிலமும் பவரும்

மேலூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். தந்தை இறந்தபின் அக்காவுக்கும் தம்பிக்கும் பொதுவாக 80 சென்ட் நஞ்சை இருக்கிறது. ஆளுக்கு 40 சென்ட். தம்பி பத்தாண்டுகளாகத் துபாயில் வேலை பார்க்கிறார். ஊரில் இருக்கும் சித்தப்பா மகன், நிலத்தை விற்றுத் தருவதாகச் சொல்லிப் பொது அதிகார ஆவணம் கேட்கிறார். தம்பி துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்றுடன் அதை அனுப்புகிறார்.

2024 அக்டோபரில் சார் பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு பத்திரங்கள் பதிவாகின்றன. முதலாவது, அக்கா தன் பாகத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்ததாக ஒரு விடுதலைப் பத்திரம். அக்காவின் பெயரில் வேறொரு பெண் வந்து கைரேகை வைத்திருக்கிறார். இரண்டாவது, தம்பியின் முகவராகச் சித்தப்பா மகன் 80 சென்டையும் 24 லட்சத்துக்கு வெளியாருக்கு எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம். தம்பியின் வங்கிக் கணக்குக்கு 12 லட்சம் வருகிறது.

நான்கு மாதம் கழித்து அக்கா வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார். புகார் கொடுக்கிறார். ஏமாற்றுதல், ஆள்மாறாட்டம், மதிப்புமிக்க ஆவணத்தைப் போலியாகத் தயாரித்தல், கூட்டுச்சதி ஆகியவற்றுக்கு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகளில் முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. பத்திரத்தில் பலன் பெற்றவர் என்பதால் தம்பியே முதல் எதிரி. சித்தப்பா மகன் இரண்டாம் எதிரி, ஆள்மாறாட்டம் செய்த பெண் மூன்றாம் எதிரி.

தம்பியின் நிலைப்பாடு எளிமையானது: தன் 40 சென்டை மட்டும் விற்கச் சொன்னேன், அதன் விலையான 12 லட்சம் வந்தது, அக்கா பாகத்தில் நடந்தது எனக்குத் தெரியாது. அரசுத் தரப்பு அதே 12 லட்சத்தைப் பார்த்து, மோசடிப் பணத்தில் அவருக்குக் கிடைத்த பாதி என்கிறது. இரண்டு கதைக்கும் ஒரே தொகை பொருந்துகிறது. எது உண்மை என்பதைப் பிரித்துக் காட்டக்கூடியது, விற்பனைக்கு முன் சித்தப்பா மகனுக்கும் தம்பிக்கும் இடையே வாட்ஸ்அப்பில் நடந்த குரல் பதிவுகள் மட்டுமே. அவை தம்பியின் கைபேசியில் இருக்கின்றன.

"வாங்காதீங்கம்மா"

முதலில் வந்தது காவல்துறையின் அறிவிப்பு. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3)-ஆம் பிரிவின்படி விசாரணைக்கு வரச்சொல்லும் அந்த அறிவிப்பைக் காவல் அதிகாரி ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இத்தகைய அறிவிப்பை வாட்ஸ்அப் மூலம் சார்வு செய்யக்கூடாது, அதாவது உரியவரிடம் சேர்ப்பிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் உத்தரவிட்டது. துபாயில் ஒரு நண்பர் இதைச் சொல்ல, தம்பி அறிவிப்பு செல்லாது என்று முடிவு கட்டிப் பதில் அனுப்பாமல் விட்டார். முறையற்ற சார்வை வைத்து ஒருவரைக் கைது செய்ய முடியாது என்பதுதான் அந்த உத்தரவின் பயன். வழக்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டதை அந்த உத்தரவு அழிக்காது. பின்னாளில் "எனக்கு எதுவும் தெரியாது" என்று அவர் சொல்லும்போது, அந்தச் செய்திக்குக் கீழே விழுந்திருக்கும் இரண்டு நீலக் கோடுகள் அவருக்கு எதிராகப் பேசும்.

குற்றப்பத்திரிகை தாக்கலானபின் நீதிமன்ற அழைப்பாணை கிராமத்து வீட்டுக்கு வந்தது. அம்மா துபாய்க்குப் போன் போட்டு, "கோர்ட்டுலேருந்து காகிதம் வந்திருக்குப்பா, கையெழுத்துக் கேக்குறாங்க" என்றார். "அது அக்கா பண்ற வேலை. வாங்காதீங்கம்மா, நான் ஊருலயே இல்லைன்னு சொல்லிருங்க" என்று பதில் வந்தது.

அழைப்பாணையை வாங்காவிட்டால் சார்வு ஆகாது என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரூன்றியது. சட்டம் அப்படி இல்லை. ஆள் கிடைக்காதபோது அவருடன் வசிக்கும் குடும்பத்தின் வயதுவந்த எவரிடமும் நகலைக் கொடுக்கலாம். பழைய சட்டத்தில் ஆண் உறுப்பினர் என்றிருந்தது, இப்போது பெண்ணிடமும் கொடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் வீட்டின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். பத்தாண்டுகளாகத் துபாயில் இருப்பவர் மேலூர் வீட்டில் வழக்கமாக வசிப்பவரா என்று வாதாட இடம் உண்டு. அந்த வாதத்தையும் ஒரு வழக்கறிஞர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லாத வாதத்தை நீதிமன்றம் தானாக எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

வெளிநாட்டு முகவரிக்கு அழைப்பாணை அனுப்பவும் வழி இருக்கிறது. இந்தியாவுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் இடையே குற்ற வழக்குகளில் பரஸ்பர உதவிக்கான ஒப்பந்தம் 1999-இல் கையெழுத்தானது. உள்துறை அமைச்சகத்தின் வழியாக அனுப்ப வேண்டும் என்பதால் காலம் பிடிக்கும். ஆகவே பல வழக்குகளில் தெரிந்த உள்ளூர் முகவரியே போதும் என்று விட்டுவிடுவார்கள்.

இந்தக் கட்டத்தில் தம்பி செய்திருக்கக்கூடியது கடினமானதல்ல. துணைத் தூதரகத்தில் வக்காலத்தைச் சான்றுறுதி செய்து மதுரையில் ஒரு வழக்கறிஞருக்கு அனுப்பியிருக்கலாம். 228-ஆம் பிரிவின்படி, நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்டு மனுச் செய்திருக்கலாம். தன் அடையாளத்தை மறுக்கமாட்டேன், தன் வழக்கறிஞர் முன்னிலையில் சாட்சிகளை விசாரிப்பதில் ஆட்சேபணை இல்லை, தேவையான நாளில் நேரில் வருவேன் என்ற உறுதிமொழிகளோடு கேட்டால், வேலையிழக்கும் நிலையிலுள்ள ஒருவருக்கு நடுவர் இதை வழங்குவதற்கு நல்ல வாய்ப்புண்டு. ஆனால் அந்தப் பிரிவின் வாசகம் நடுவர் அழைப்பாணை அனுப்பும் நிலையைப் பற்றியே பேசுகிறது. பிடிவாரண்டு பிறந்தபின் வருபவர் முதலில் 72-ஆம் பிரிவின்படி வாரண்டைத் திரும்பப் பெறச் செய்தாக வேண்டும். அப்போது நடுவரின் பார்வையும் வேறாக இருக்கும். அழைப்பாணைக்கும் முதல் வாரண்டுக்கும் நடுவிலுள்ள சில வாரங்கள்தான் வெளிநாட்டில் இருப்பவருக்கு மிக மலிவாகக் கிடைக்கும் காலம். தம்பி அதைத்தான் இழந்தார்.

தலைமறைவு என்பது எப்போது?

வெளிநாட்டில் வாழ்வது தலைமறைவு ஆகாது. பிழைப்புக்காகப் போனவர் அங்கேயே இருக்கிறார் என்பது மட்டும் போதாது. விசாரணையைத் தவிர்ப்பதற்காக ஒதுங்கியிருக்கிறார் என்று நீதிமன்றம் கருத வேண்டும். ஆனால் வழக்கு வருமுன்பே ஊரைவிட்டுப் போனேன் என்பதும் முழுக் காப்பு அல்ல. நீதிமன்ற ஆணை பிறக்குமுன்பே மறைந்தவர், அது பிறந்தபின்னும் மறைந்தே இருந்தால் அவரும் தலைமறைவானவரே என்று 1881-லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தம்பியின் வழக்கில் தராசைச் சாய்த்தது அம்மாவின் வாக்குமூலம். அழைப்பாணை கொண்டுவந்த காவலரிடம் அவர், மகனிடம் சொன்னதாகவும் அவன் வாங்க வேண்டாம் என்றதாகவும் வெள்ளந்தியாகச் சொன்னார். அது அப்படியே சார்வு அறிக்கையில் ஏறிவிட்டது.

பிணையில் வெளிவர முடியாத பிடிவாரண்டு பிறந்தது. அது நிறைவேறாமல் திரும்ப, 84-ஆம் பிரிவின்படி பிரகடனம் பிறந்தது. குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து, ஊரில் பலர் பார்க்கும் இடத்தில் படித்து, வீட்டிலும் நீதிமன்றத்திலும் ஒட்டினார்கள். அவர் வரவில்லை. நடுவர் அவரைப் பிரகடனப்படுத்தப்பட்ட குற்றவாளி என்று அறிவித்தார்.

இந்த அறிவிப்பு எல்லா வழக்கிலும் வராது. பத்தாண்டு அல்லது அதற்கு மேல் சிறை, ஆயுள், மரணம் ஆகிய தண்டனைகளுக்குரிய குற்றங்களுக்கு மட்டுமே வரும். கணவன் வீட்டார் கொடுமைக்கு மூன்றாண்டும், சாதாரண ஏமாற்று வழக்குக்கு ஏழாண்டும்தான் உச்சம். ஆகவே இன்றைய நிலையில் அவற்றில் ஆளில்லாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. பிற தலைமறைவானவர்களுக்கும் 356-ஐ விரிவாக்கும் அதிகாரத்தை அதன் கடைசி உட்பிரிவு மாநில அரசுக்குத் தந்திருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அதுவரை அந்த வழக்குகளில் 335-ஆம் பிரிவின்படி சாட்சியத்தைப் பதிவுசெய்து வைப்பார்கள். பின்னாளில் சாட்சி இறந்துபோனால் அந்தப் பதிவு பயன்படும்.

தம்பியின் மேல் இருந்த பிரிவுகளில் மதிப்புமிக்க ஆவணத்தைப் போலியாகத் தயாரிப்பதற்கான நியாய சன்ஹிதாவின் 338-ஆம் பிரிவு ஆயுள் வரை போகக்கூடியது. இங்கே பலர் குழம்புவார்கள். இந்தக் குற்றத்தை முதல் வகுப்பு நீதித்துறை நடுவரே விசாரிக்கலாம், அவரால் மூன்றாண்டுக்கு மேல் தண்டனை தர முடியாது. அதனால் 356 பொருந்தாது என்று நினைப்பது தவறு. பார்க்க வேண்டியது குற்றத்துக்குச் சட்டம் எழுதியிருக்கும் தண்டனையை, விசாரிக்கும் நீதிமன்றத்தின் தண்டனை வரம்பை அல்ல.

ஐந்து மாதம்

பிரகடனம் முடிந்தவுடன் விசாரணை தொடங்கிவிடாது. முதலில், குறைந்தது 30 நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இரண்டு பிடிவாரண்டுகள் பிறந்திருக்க வேண்டும். அவருடைய கடைசி முகவரி உள்ள பகுதியில் புழங்கும் நாளிதழில், 30 நாளுக்குள் வராவிட்டால் இல்லாமலே விசாரணை தொடங்கும் என்று விளம்பரம் வர வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். வீட்டிலும், அந்த மாவட்டக் காவல் நிலையத்திலும் அறிவிப்பு ஒட்ட வேண்டும். இவற்றோடு, குற்றச்சாட்டு வனைந்த நாளிலிருந்து 90 நாள் கழிய வேண்டும். வாரண்டு இடைவெளிக்கு 30, பிரகடனத்துக்கு 30, குற்றச்சாட்டுக்குப்பின் 90 என்று ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்து மாதம். கடைசியில், ஏன் இவர் இல்லாமல் நடத்துகிறோம் என்ற காரணத்தை நடுவர் எழுத்தில் பதிய வேண்டும்.

இந்தப் பட்டியலில் எங்கேயும் துபாய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விளம்பரம் மதுரைப் பதிப்பில் வரும், அறிவிப்பு மேலூர் வீட்டில் ஒட்டப்படும், செய்தி அம்மாவிடம் சொல்லப்படும். வெளிநாட்டு முகவரியோ கைபேசி எண்ணோ மின்னஞ்சலோ கோப்பில் இருந்தாலும், அங்கே அனுப்பியாக வேண்டும் என்று 356 கட்டாயப்படுத்தவில்லை. இது இந்தப் பிரிவின் பெரிய ஓட்டை என்று கருதுகிறேன். முகவரி தெரிந்தும் அனுப்பாமல் ஒருவரை விசாரணையைத் தவிர்க்கத் தலைமறைவானவர் என்று சொல்வது நியாயமாகாது. அத்தகைய கோப்பு என் கைக்கு வந்தால், நடுவர் எழுதிய காரணத்தைத்தான் முதலில் எதிர்ப்பேன். ஆனால் தம்பியின் கோப்பில் அந்த எதிர்ப்புக்குப் பலமில்லை. அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது, அம்மாவின் வாக்குமூலமும் இருக்கிறது.

வெளிநாட்டில் இருந்துகொண்டே இந்தப் படிகளைக் கண்காணிக்க முடியும். services.ecourts.gov.in தளத்தில் வழக்கின் 16 இலக்கச் சி.என்.ஆர் எண்ணைக் கொடுத்தால் அடுத்த வாய்தா நாளும் வழக்கின் நிலையும் தெரியும். எண் தெரியாவிட்டால் பெயரைக் கொடுத்தும் தேடலாம். வாரண்டு என்றோ பிரகடனம் என்றோ அதில் ஒரு சொல் வந்துவிட்டால் நாளைக் கடத்தக்கூடாது.

விசாரணை

மூன்று எதிரிகள் மீதும் சேர்ந்தே விசாரணை நடந்தது. தம்பிக்கு அரசு செலவில் ஒரு வழக்கறிஞர் அமர்த்தப்பட்டார். அவர் நேர்மையாகவே உழைத்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் இருந்தது குற்றப்பத்திரிகையின் நகல் மட்டும். கட்சிக்காரரிடம் பேசியதில்லை. கைரேகைப் பதிவேட்டில் உள்ள ரேகை அக்காவுடையது அல்ல என்று நிபுணர் சாட்சி சொன்னார். அதைக் குறுக்கு விசாரணை செய்து பயனில்லை, தம்பியும் அதை மறுக்கப்போவதில்லை. பத்திரப் பதிவன்று தம்பி துபாயில் இருந்தார் என்பதை வழக்கறிஞர் கேட்டார். சதிக்கு நேரில் இருக்க வேண்டியதில்லை, பவர் கொடுத்ததே போதும் என்றது அரசுத் தரப்பு.

இரண்டாம் எதிரியான சித்தப்பா மகன், எல்லாம் தம்பி சொல்லித்தான் செய்தேன் என்ற நிலையை எடுத்தார். கூண்டில் பக்கத்தில் யாருமில்லாதபோது பழியை அங்கே தள்ளுவது எளிது. பல எதிரிகள் உள்ள வழக்கில் வராமல் இருப்பவருக்கு வரும் மிகப்பெரிய இழப்பு இதுதான் என்பது என் கருத்து. அரசுத் தரப்பின் சாட்சியத்தையாவது வழக்கறிஞர் ஆவணத்தை வைத்து உடைத்துப் பார்க்கலாம். உடன் எதிரியின் கதையை உடைக்க, கட்சிக்காரருக்கு மட்டுமே தெரிந்த செய்திகள் வேண்டும். "நம்ம நாப்பது சென்டை மட்டும் பேசி முடிங்கண்ணே" என்ற குரல் பதிவு அந்த வழக்கறிஞருக்கு இருப்பதே தெரியாது.

விசாரணை நடுவிலும் கதவு முழுக்க மூடவில்லை. அவர் வந்துவிட்டால், தான் இல்லாதபோது பதிவான சாட்சியத்தை ஆராய நீதிமன்றம் அனுமதிக்கலாம். அனுமதிக்க வேண்டும் என்று இல்லை, அனுமதிக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. சாட்சியத்தை இயன்றவரை ஒலி ஒளிப் பதிவு செய்யச் சொல்லியிருப்பது அந்த வகையில் உதவும். தம்பி அப்போதும் வரவில்லை. தீர்ப்பில் மூவருக்கும் மூன்றாண்டுச் சிறை.

தீர்ப்புக்கு வெளியே

அமீரகம் இந்தத் தண்டனையைத் தானாக நிறைவேற்றாது. அவரைக் கொண்டுவர வேண்டுமானால் நாடுகடத்தல் ஒப்பந்தத்தின்படி தனியாக ஒரு நடைமுறை வேண்டும், எல்லா வழக்குக்கும் அரசு அதை நடத்துவதில்லை. தம்பியின் நண்பர்கள் சொல்லும் ஆறுதல் இதுதான். ஆனால் அழுத்தம் வேறு வழிகளில் வந்தது. பிரகடனத்துக்குப்பின் அவருடைய பேரிலுள்ள சொத்தை 85-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் ஜப்தி செய்யலாம், ஊரில் அவர் கட்டிய வீட்டின் பாகம் ஜப்தி செய்யப்பட்டது. இரண்டாண்டுக்குள் வந்து, தலைமறைவாகவில்லை என்றும் பிரகடனம் தெரியாது என்றும் நிரூபித்தால்தான் அதை மீட்கலாம். கடவுச்சீட்டைப் புதுப்பிக்கத் துணைத் தூதரகம் போனபோது நிலுவையிலுள்ள வழக்கு தெரியவந்தது. நீதிமன்றத்தில் ஆஜராக அழைப்பாணையோ வாரண்டோ பிறந்திருந்தால் கடவுச்சீட்டைப் பறிமுதல் செய்யக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு இடம் தருகிறது. வேலை விசா அந்தக் கடவுச்சீட்டில்தான் நிற்கிறது. இவை போக, பிரகடனத்துக்கு வராததே தனிக் குற்றம். பிரகடனப்படுத்தப்பட்ட குற்றவாளிக்கு அதில் மட்டும் ஏழாண்டு வரை சிறை உண்டு.

மேல்முறையீட்டைத் துபாயிலிருந்து வழக்கறிஞர் வழியாகப் போட முடியாது. அவர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நேரில் நிற்க வேண்டும், தீர்ப்பு நாளிலிருந்து மூன்றாண்டு கடந்தால் அதுவும் இல்லை. தேடப்படுபவர் என்ற சுற்றறிக்கை குடியேற்றத் துறையிடம் இருக்குமானால், மதுரை விமான நிலையத்தில் இறங்கும்போதே தடுக்கப்படுவார்.

இரண்டாண்டு கழித்து அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, தம்பி வந்தார். தடுக்கப்பட்டார், சிறைக்குப் போனார், மதுரை அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார். தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவோடு, 432-ஆம் பிரிவின்படி கூடுதல் சாட்சியம் ஏற்கக் கோரும் மனுவும் போடப்பட்டது. கூடுதல் சாட்சியமாக எதைக் கொடுக்கப்போகிறீர்கள் என்று அவருடைய புது வழக்கறிஞர் கேட்டார். குரல் பதிவுகளை மின்னணுச் சாட்சியமாகத் தாக்கல் செய்ய, அது இருக்கும் கருவியை அடையாளம் காட்டும் சான்றிதழ் வேண்டும். அந்தக் கைபேசியை ஓராண்டுக்கு முன்பே மாற்றிவிட்டதாகவும், பழைய உரையாடல்கள் புதியதில் வரவில்லை என்றும் தம்பி சொன்னார். மீதமிருந்தது, அதே உரையாடல் இருக்கக்கூடிய இன்னொரு கைபேசி. அது சித்தப்பா மகனிடம் இருந்தது.